இரண்டே மூச்சு: கோ ஆட்டத்தில் செகியைக் கண்டுபிடிப்பது எப்படி

கோ கற்றுக்கொண்ட முதல் ஆண்டில் நான் தோற்ற ஆட்டங்களில் ஒன்று மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது. ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நான் கருப்பு, ஏழெட்டுப் புள்ளி முன்னிலையில் இருந்தேன். பலகையில் அங்கங்கே யாருக்கும் சேராத காலிப் புள்ளிகள் மிச்சமிருந்தன. இருவரும் மாறி மாறி அவற்றை நிரப்பிக்கொண்டு வந்தோம். ஓர் ஓரத்தில் என் கூட்டத்துக்குள் மூன்று வெள்ளைக் கற்கள் கிடந்தன, அவற்றின் இரு பக்கமும் ஒவ்வொரு காலிப் புள்ளி. அதில் ஒன்றையும் சாதாரணமாக நிரப்பினேன். எதிராளி மற்றொன்றில் கல்லை வைத்தார். என்னுடைய பத்துக் கற்களும் பலகையிலிருந்து போயின. பத்துக் கைதிகள், அவை இருந்த பத்து இடங்கள், ஆக ஒரே கல்லில் இருபது புள்ளி.

அது செகி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். யார் முதலில் கை வைக்கிறாரோ அவர்தான் செத்துப்போவார். ஆகவே யாரும் கை வைக்கமாட்டார்கள். ஆட்டம் முடியும்வரை அது அப்படியே நிற்கும், இரண்டும் உயிரோடு இருப்பதாகவே கணக்கு. செகி என்பது ஜப்பானியச் சொல். கொரியாவில் பிக் என்பார்கள். சீனத்தில் ஷுவாங்ஹுவோ, அதற்கு ‘இரண்டுக்கும் உயிர்’ என்று பொருள். மூன்றில் விஷயத்தை நேராகச் சொல்வது அந்தச் சீனப் பெயர்தான்.

ஒரு கல்லை அல்லது இணைந்த கற்களை ஒட்டியிருக்கும் காலிப் புள்ளிகளை இந்தக் கட்டுரையில் மூச்சு என்று சொல்கிறேன் (பலர் லிபர்ட்டி என்பதுதான்). கடைசி மூச்சும் அடைபட்டால் கற்கள் பிடிபடும். ஒரே ஒரு மூச்சு மிஞ்சியிருக்கும் நிலை அட்டாரி. ஒரு கூட்டம் முழுக்கச் சூழ்ந்து தனக்கென வைத்திருக்கும் காலி இடம் கண்; தனித்தனியாக இரண்டு கண் உள்ள கூட்டத்தைப் பிடிக்க முடியாது. படங்களில் ● கருப்பு, ○ வெள்ளை. எல்லாப் படங்களிலும் கடைசி வரிசைதான் பலகையின் கீழ் விளிம்பு. சுற்றியிருக்கும் வெளிக் கூட்டங்கள் எல்லாம் உறுதியாக உயிரோடு இருப்பவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரண்டு பொது மூச்சைத் தேடுங்கள்

மிக எளிய செகி இதுதான்.

```
● ● ● ● ○ ○ ○
● ● ○ ○ ● ○ ○
● ● ○ 1 ● ○ ○
● ● ○ 2 ● ○ ○
```

நடுவில் நான்கு வெள்ளைக் கற்கள் இணைந்திருக்கின்றன. அவற்றை இடப்பக்கமும் மேலேயும் கருப்பு அடைத்துவிட்டது. அவற்றுக்குப் பக்கத்தில் மூன்று கருப்புக் கற்கள் நிற்கின்றன; அவற்றை வலப்பக்கமும் மேலேயும் வெள்ளை அடைத்துவிட்டது. யாருக்கும் கண் இல்லை. வெள்ளைக்கு இருக்கும் மூச்சு 1, 2. கருப்புக்கு இருக்கும் மூச்சும் அதே 1, 2. இரண்டு மூச்சையும் இருவரும் பங்குபோட்டு வாழ்கிறார்கள்.

இப்போது கருப்பு 1-ல் வைத்துப் பார்ப்போம். வெள்ளை அட்டாரியில் விழுகிறது, உண்மைதான். ஆனால் கருப்புக்கும் மிஞ்சியது 2 மட்டுமே, முறையோ வெள்ளையுடையது. வெள்ளை 2-ல் வைத்துக் கருப்பைப் பிடித்துவிடும். வெள்ளை முதலில் 1-ல் வைத்தாலும் இதே கதை, ஆள்தான் மாறும். எதிராளியை அட்டாரியில் வைக்கும் அதே கல் உங்களையும் அட்டாரியில் வைக்கிறது, அடுத்த முறை உங்களுடையது அல்ல. செகியின் எந்திரம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

பொது மூச்சு ஒன்றே ஒன்றுதான் இருந்திருந்தால்? அப்போது யாருடைய முறையோ அவர் அதை அடைத்து எதிராளியைப் பிடிப்பார், அவ்வளவுதான். கண் இல்லாத இரு கூட்டங்களுக்கு நடுவே செகி வரக் குறைந்தது இரண்டு பொது மூச்சு வேண்டும். ஆட்டத்தின் நடுவே பலகையைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: எந்தக் காலிப் புள்ளி இரண்டு நலிந்த கூட்டங்களையும் ஒரே சமயத்தில் தொடுகிறது? அது ஒன்றா, இரண்டா?

ஒரு எச்சரிக்கை. இரண்டு காலிப் புள்ளிகள் இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் இருவரையும் தொட வேண்டும். விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி காலியாக இருந்து, ஒன்று வெள்ளையை மட்டும், இன்னொன்று கருப்பை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அவை பொது மூச்சு ஆகா. புதிதாக ஆடுபவர்கள் இதில் அடிக்கடி சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் விரலை வைத்து நான்கு பக்கமும் பாருங்கள்.

இரண்டாம் படி: வெளி மூச்சு இன்னும் மிச்சமிருந்தால்

ஆட்டத்தில் செகி இப்படி முழுதாக அமைந்து கையில் கிடைப்பது குறைவு. பெரும்பாலும் ஓட்டப்பந்தயம்போல ஒரு மூச்சுப் போட்டி நடக்கும், அதன் நடுவில்தான் ‘இது யாராவது சாகும் இடமா, செகியாகும் இடமா’ என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதே படத்தில் மூன்று இடத்தைத் திறந்துவிடுகிறேன்.

```
● ● ● ● ○ ○ ○
● ● ○ ○ ● ○ ○
● ● ○ 1 ● 4 ○
● 3 ○ 2 ● 5 ○
```

1, 2 பொது மூச்சு. வெள்ளைக்கு மட்டும் சொந்தமான வெளி மூச்சு ஒன்று, அது 3. கருப்புக்குச் சொந்தமான வெளி மூச்சு இரண்டு, 4-உம் 5-உம். கருப்பின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் பிடிக்க அது போதுமா?

கருப்பு முதலில் ஆடினால்: 3-ல் வைத்து வெள்ளையின் வெளி மூச்சை அடைக்கிறது. வெள்ளை 4-ல் அடைக்கிறது. இப்போது கருப்பு தைரியமாக 1-ல் இறங்கலாம், ஏனென்றால் அதற்கு 2 மட்டுமல்ல, 5-உம் மிச்சமிருக்கிறது. வெள்ளைக்கு 2 மட்டுமே. வெள்ளையால் 2-ல் வைக்கவும் முடியாது. கருப்பு பிடிபடாத நிலையில் அது தன் கடைசி மூச்சைத் தானே அடைத்துக்கொள்வது. வெள்ளை 5-ஐ அடைக்கிறது, கருப்பு 2-ல் வைத்துப் பிடிக்கிறது. செகி இல்லை, வெள்ளை செத்தது.

வெள்ளை முதலில் ஆடினால்: 4-ஐ அடைக்கிறது. கருப்பு 3-ஐ அடைக்கிறது. இந்தக் கல்லை வெள்ளை அலட்சியப்படுத்த முடியாது. விட்டால் கருப்பு அடுத்து 1-ல் இறங்கிக் கொன்றுவிடும். எனவே வெள்ளை 5-ஐ அடைக்கிறது. இப்போது வெளி மூச்சு யாருக்கும் இல்லை, பொது மூச்சு இரண்டு. முதல் படம் திரும்ப வந்துவிட்டது. செகி.

ஒரே நிலை, முறை மட்டும் மாறியதில் ஒன்று சாவு, ஒன்று செகி. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இருவருக்கும் கண் இல்லை, பொது மூச்சு இரண்டோ அதற்கு மேலோ இருக்கிறது என்றால், பிடிக்க நினைப்பவருக்கு எதிராளியைவிட வெளி மூச்சு அதிகமாக இருக்க வேண்டும். எவ்வளவு அதிகம்? தான் முதலில் ஆடுவதானால் பொது மூச்சில் ஒன்று குறைத்த அளவு. எதிராளி முதலில் ஆடுவதானால் பொது மூச்சு முழு அளவு. அது இல்லையென்றால் அவரால் பிடிக்க முடியாது, செகிதான்.

மேலே உள்ள படத்தில் கருப்புக்கு ஒன்று அதிகம், பொது மூச்சு இரண்டு. தான் முதலில் ஆடினால் தேவை ஒன்று, இருக்கிறது. எதிராளி முதலில் ஆடினால் தேவை இரண்டு, இல்லை. ஆட்டக் கணக்கும் எண் கணக்கும் ஒத்துப்போகின்றன.

இந்தக் கணக்கின் காரணம் சுலபம்தான். பொது மூச்சை அடைக்கும் வேலை பிடிக்க வருபவர் தலையில் மட்டுமே விழும். எளியவர் அதைத் தொடவே மாட்டார், வெளியிலிருந்து அடைத்துக்கொண்டு காத்திருப்பார். அதனால் பொது மூச்சு கூடக் கூட பிடிப்பது கடினமாகிறது, செகிக்கு வாய்ப்பு கூடுகிறது. இதிலிருந்து ஒரு நடைமுறைப் பழக்கமும் வருகிறது: நீங்கள் வலியவரோ எளியவரோ, எப்போதும் வெளி மூச்சை முதலில் அடையுங்கள், பொது மூச்சைக் கடைசிக்கு வையுங்கள். பொது மூச்சை அவசரப்பட்டு அடைத்தவர் தன் மூச்சையும் சேர்த்தே அடைத்திருப்பார்.

மூன்றாம் படி: கண்களைப் பாருங்கள்

கண் வந்துவிட்டால் கணக்கு மாறும்.

```
● ● ● ● ● ○ ○ ○ ○
● ○ ○ ○ ○ ● ● ● ○
● ○ 1 ○ 2 ● 3 ● ○
```

வெள்ளைக்கு 1-ல் ஒரு கண். கருப்புக்கு 3-ல் ஒரு கண். நடுவில் 2 என்ற ஒரே பொது மூச்சு. கண் இல்லாதபோது இரண்டு பொது மூச்சு தேவைப்பட்டது. இங்கே ஒன்றே போதும். கருப்பு 2-ல் வைத்தால் அதற்கு மிஞ்சுவது தன் கண் மட்டும். வெள்ளை நேராக 3-ல் கல்லை வைத்துக் கூட்டத்தையே எடுத்துவிடும். வெள்ளை 2-ல் வைத்தால் கருப்பு 1-ல் வைத்து அதையே செய்யும். 2 காலியாக இருக்கும்வரை 1-லும் 3-லும் எதிராளி வைக்க முடியாது, அங்கே அவருக்கு மூச்சே இருக்காது. எனவே இதுவும் செகி.

ஒருவருக்குக் கண் இருந்து மற்றவருக்கு இல்லையென்றால் செகி என்ற பேச்சுக்குப் பொதுவாக இடமில்லை. கண் உள்ளவர் பொது மூச்சுகளில் ஒவ்வொன்றாக அச்சமின்றி இறங்கலாம், அவருக்குக் கண் என்ற மூச்சு கையிருப்பாக இருக்கிறது. கண் இல்லாதவரால் கடைசிப் பொது மூச்சில் வைக்கவே முடியாது. ஆக எல்லாப் பொது மூச்சும் கண் உள்ளவர் பக்கம் சேர்ந்துவிடும். கண் இல்லாதவர் தப்ப வேண்டுமானால் அவருக்கு வெளி மூச்சு ஏராளமாக இருக்க வேண்டும். மூச்சுப் போட்டி தொடங்கும்போதே ஒரு கண் அமைத்துக்கொள்வது பல நேரம் இரண்டு மூன்று மூச்சுக்குச் சமம் என்பது இதனால்தான்.

நான்காம் படி: உள்ளே கிடக்கும் கற்களை எடுத்தால் என்ன மிஞ்சும்?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். மேலே பார்த்தவை இரு கூட்டங்கள் பக்கம் பக்கமாக நிற்கும் வகை. ஆனால் ஒரு கூட்டம் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருக்கும்போதுதான் கண்கள் ஏமாற்றுகின்றன. நான் இருபது புள்ளி இழந்த நிலை இது.

```
○ ○ ○ ○ ○ ○ ○ ○ ○
○ ● ● ● ● ● ● ● ○
○ ● 1 ○ ○ ○ 2 ● ○
```

கருப்பு ஒன்பது கற்கள், அவற்றின் வயிற்றில் மூன்று வெள்ளை, இரண்டு பொது மூச்சு. கருப்பு உள்ளே வைத்தால் என்ன ஆகும் என்பதை என் செலவிலேயே பார்த்துவிட்டோம். வெள்ளை வைத்தால்? 1-ல் வைத்தால் வரிசையாக நான்கு வெள்ளை, கருப்பு அட்டாரியில். கருப்பு உடனே 2-ல் வைத்து நான்கையும் எடுக்கும். இப்போது கருப்புக்கு உள்ளே நேர்வரிசையில் நான்கு காலிப் புள்ளி. நடுவில் உள்ள இரண்டில் வெள்ளை எதில் வைத்தாலும் கருப்பு மற்றதில் வைத்து இரண்டு கண் செய்துகொள்ளும். கருப்பு உயிரோடு வீட்டைக் கட்டிக்கொண்டது, வெள்ளைக்கு நான்கு கல் நட்டம். 2-ல் ஆரம்பித்தாலும் இதே முடிவு. எனவே வெள்ளைக்கும் கை வைக்க மனம் வராது. உண்மையான செகி.

வெளியே சில இடங்கள் இன்னும் திறந்திருந்தாலும் இங்கே தீர்ப்பு மாறாது என்பதையும் கவனியுங்கள். கருப்பு 1-ஐயும் 2-ஐயும் நிரப்பி மூன்று வெள்ளையையும் எடுத்தாலும் மிஞ்சுவது நேர்வரிசையில் மூன்று புள்ளி. வெள்ளை நடுவில் வைத்தால் கருப்புக்கு ஒரே கண்தான், சாவுதான்.

இப்போது அதிலிருந்து ஒரே ஒரு செங்குத்து வரிசையை உருவிவிடுகிறேன்.

```
○ ○ ○ ○ ○ ○ ○ ○
○ ● ● ● ● ● ● ○
○ ● 1 ○ ○ 2 ● ○
```

பார்க்க அச்சு அசலாக அதே நிலை. இரண்டு பொது மூச்சு, யார் தொட்டாலும் அட்டாரி. ஆனால் இது செகி அல்ல. வெள்ளை 1-ல் வைக்கிறது. கருப்பு வேறு வழியின்றி 2-ல் வைத்து மூன்று கற்களை எடுக்கிறது. மிஞ்சியது நேர்வரிசையில் மூன்று காலிப் புள்ளி, முறை வெள்ளையுடையது. வெள்ளை நடுப்புள்ளியில் வைக்கிறது. இனி கருப்புக்கு இரண்டு கண் வராது. கூட்டம் முழுக்கச் செத்தது. வெள்ளை மூன்று கல்லைத் தூண்டிலில் வைத்து எட்டையும் பிடித்துவிட்டது. ஆட்டத்தின் முடிவில் இதை ஆடிக் காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை, கருப்பு இருக்கிறபடியே செத்ததாகக் கணக்கு.

ஆக, ‘யார் தொட்டாலும் அட்டாரி’ என்பதோடு சோதனையை நிறுத்தக்கூடாது. உள்ளே இருப்பவர் இன்னொரு கல்லைச் சேர்த்து, அத்தனையையும் பலி கொடுத்தால், எடுத்த பிறகு என்ன வடிவம் மிஞ்சும் என்று கேட்க வேண்டும். ஒரே கல்லால் கொல்லக்கூடிய வடிவம் மிஞ்சுமானால் செகி இல்லை. அந்த வடிவங்கள் சிலவே: மூன்று புள்ளி (நேராகவோ வளைந்தோ), நான்கில் ஒரு நடுவைச் சுற்றி மூன்று நிற்கும் வடிவம், ஐந்தில் கூட்டல் குறி, ஐந்தில் சதுரத்தோடு ஒன்று ஒட்டிய வடிவம், ஆறில் பூப்போன்ற ஒரே ஒரு வடிவம். சதுரமாக நான்கு மிஞ்சினால் கொல்ல வருபவர் வைக்க வேண்டியதுகூட இல்லை, அது தானாகவே செத்த வடிவம். நேர்வரிசை நான்கும் படிக்கட்டு போன்ற நான்கும் உயிர். உள்ளே இருப்பவர் இரண்டு புள்ளிகளில் எதில் வேண்டுமானாலும் கல்லைச் சேர்க்கலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்றில் உயிர், மற்றொன்றில் சாவு என்று வருவதுண்டு.

மூலையில் வரும் பொய்ச் செகி

அப்படி இரண்டும் வேறுபடும் இடம் மூலை. அதில் ஒரு நிலைக்குத் தனிப் பெயரே உண்டு, ‘மூலையில் வளைந்த நான்கு’.

```
○ ○ ○ ○ ○ ○
● ● ○ ○ ○ ○
1 ● ● ● ● ○
○ ○ ○ 2 ● ○
```

இடக்கோடி பலகையின் இட விளிம்பு, எனவே கீழே இடது ஓரத்துக் கல் சரியாக மூலையில் நிற்கிறது. மறுபடியும் மூன்று வெள்ளை, இரண்டு பொது மூச்சு. முன்பு பார்த்த செகியில் இருந்த அதே எண்ணிக்கை. கருப்பு 1-ல் வைத்தால் வெள்ளை 2-ல் பிடிக்கும். 2-ல் வைத்தால் 1-ல் பிடிக்கும். கருப்பால் தொட முடியாது.

வெள்ளை 2-ல் சேர்த்தால் நேர்வரிசை நான்கு. கருப்பு 1-ல் வைத்து எடுத்து உயிர் பிழைக்கும். எனவே வெள்ளை அதைச் செய்யாது. வெள்ளை 1-ல் சேர்த்தால் மூலையைச் சுற்றி வளைந்த நான்கு. கருப்பு 2-ல் வைத்து எடுக்கிறது. பிறகு வெள்ளை கீழ் விளிம்பில் மூலைக்கு அடுத்த புள்ளியில் வைக்கிறது. கருப்பு பிழைக்க வேண்டுமானால் மூலையில் வைத்தாக வேண்டும். வெள்ளை 1-ல் வைத்து அந்த ஒற்றைக் கல்லை எடுக்கிறது. இது கோ சண்டை. ஆட்டத்தின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஒரே இடத்தில் ஒற்றைக் கல்லை மாறி மாறி எடுக்கும் நிலைக்கும் கோ என்றுதான் பெயர். உடனே திருப்பி எடுக்க விதி அனுமதிக்காது, கருப்பு வேறெங்காவது ஒரு மிரட்டல் போட்டு வெள்ளையை அங்கே பதில் சொல்ல வைத்துவிட்டுத்தான் திரும்ப வர முடியும்.

இந்தக் கோ சண்டையை எப்போது தொடங்குவது என்பது முழுக்க வெள்ளையின் விருப்பம். கருப்பால் அதைத் தொடங்கவோ தடுக்கவோ முடியாது. வெள்ளை ஆட்டம் முடியும்வரை காத்திருந்து, தன் பக்கத்தில் கருப்பு மிரட்டக்கூடிய ஓட்டைகளை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, பிறகு தொடங்கலாம். அதனால்தான் ஜப்பானிய விதியில் இந்தக் கருப்பு ஆடிக் காட்டாமலேயே செத்ததாகக் கொள்ளப்படுகிறது. சீன விதியில் உண்மையிலேயே ஆடி எடுக்க வேண்டும், அடைக்கும் கற்களுக்கு அங்கே பெரிய விலையும் இல்லை. ஆனால் அடைக்க முடியாத மிரட்டல் ஒன்று கருப்புக்கு இருந்தால் சீன விதியில் அது தப்பிவிடலாம். அப்படி அடைக்க முடியாத மிரட்டல் எங்கிருந்து வரும் தெரியுமா? பலகையின் வேறொரு மூலையில் நிற்கும் ஓர் உண்மையான செகியிலிருந்து வரலாம். அங்கே வெள்ளை அடைக்கப் போனால் தன் கூட்டமே போய்விடும். எந்த விதியில் ஆடுகிறோம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவைப்பது நல்லது என்று நான் சொல்லும்போது இந்த ஒரு நிலையைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறேன்.

எண்ணும்போது என்ன செய்வது

ஜப்பானிய விதிகளின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் செகிக்கு ஒரு நேர்த்தியான வரையறை தருகிறது. ஒரே நிறத்தின் உயிருள்ள கற்கள் சூழ்ந்த காலிப் புள்ளி, கண் புள்ளி. மற்ற காலிப் புள்ளிகள் எல்லாம் டாமே. உயிரோடு இருந்தும் டாமேயைத் தொட்டுக்கொண்டிருக்கும் கற்கள் செகியில் இருக்கின்றன. செகியில் இருக்கும் கற்கள் சூழ்ந்த கண் புள்ளிகளுக்கு மதிப்பு இல்லை.

இதன்படி ஆளுக்கொரு கண் இருந்த படத்தில் 1-க்கும் 3-க்கும் சுழியம். வயிற்றுக்குள் மூன்று வெள்ளை இருந்த படத்தில் இருவருக்கும் சுழியம், மூன்று கல்லும் கைதி ஆகாது. இன்னொரு விளைவும் உண்டு, பலர் கவனிப்பதில்லை: நன்றாக உயிரோடு இருக்கும் பெரிய கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சாதாரண டாமேயை நிரப்பாமல் விட்டால், வரையறையின் எழுத்துப்படி அந்தக் கூட்டமும் செகிதான், அதன் நிலம் எண்ணிக்கையில் வராது. அதனால்தான் எண்ணும் முன் டாமேக்களை நிரப்பிவிடுகிறார்கள். செகிக்கு நடுவில் உள்ள டாமேயை மட்டும் நிரப்பக்கூடாது. நான் செய்த தவறு இந்த இரண்டையும் வேறுபடுத்தாததுதான். நிரப்பும் முன் ஒரே கேள்வி போதும்: இங்கே கல்லை வைத்தபின் என் கூட்டத்துக்கு எத்தனை மூச்சு மிஞ்சும்? பதில் ஒன்று என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

சீன விதியில் பலகையில் நிற்கும் உயிருள்ள கற்களும் எண்ணிக்கையில் சேரும். வயிற்றுக்குள் மூன்று வெள்ளை இருந்த படத்தில் கருப்புக்கு ஒன்பது, வெள்ளைக்கு மூன்று. பொது மூச்சு இரண்டையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் பத்தும் நான்கும். கண்கள் இருக்கும் செகியில் அந்தக் கண்ணுக்கும் ஒரு புள்ளி உண்டு.

இணையத்தில் ஆடும்போது ஆட்டம் முடிந்ததும் செத்த கற்களை இருவரும் குறித்து ஒப்புக்கொள்ள வேண்டிவரும். செகியை யாராவது தவறிச் ‘செத்தது’ என்று குறித்துவிட்டால் பத்திருபது புள்ளி அசைந்துவிடும். ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தும் முன் அந்த இடத்தை ஒருமுறை பாருங்கள்.

வெளிச்சுவர் விழுந்தால்

ஆரம்பத்தில் வெளிக் கூட்டங்கள் உறுதியாக உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆட்டத்தில் அது எப்போதும் உண்மையாக இருக்காது. முதல் படத்துக்குத் திரும்பிப் போங்கள். மூன்று கருப்புக் கற்களை வலப்பக்கம் அடைத்து நிற்கும் வெள்ளைச் சுவருக்கு வேறெங்கும் இரண்டு கண் இல்லை என்று வையுங்கள். கருப்பு அந்தச் சுவரையே தாக்கிப் பிடித்தால் மூன்று கற்களுக்கும் புதிய மூச்சு திறந்துவிடும். மறுகணம் நடுவில் இருந்த நான்கு வெள்ளையும் செத்தவை. எனவே செகி அமைந்தபின் எனக்கு வேலை முடிந்தது என்று திரும்பிக்கொள்வதில்லை. என் எதிராளியின் கூட்டத்தை அடைத்து நிற்கும் என் சுவருக்குத் தனியாக இரண்டு கண் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அங்கே ஒரு கல் கூடுதலாக வைப்பது வீண் இல்லை. எதிராளியின் சுவருக்கு இரண்டு கண் இல்லையென்றால், அடுத்து நான் விளையாட வேண்டிய இடம் அதுதான்.